காயை எண்ணாதே, காலியை எண்ணு: கோ ஆட்டத்தில் மூச்சுக் கணக்கு

கோ ஆடப் புதிதாக வருபவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். எல்லாரும் பலகையில் காய் எங்கெங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். கண் தானாகக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் போய்விடும். ஆனால் இந்த ஆட்டத்தில் யார் பிழைப்பார், யார் சாவார் என்பதைச் சொல்வது காய்களுக்கு இடையே இருக்கும் காலிப் புள்ளிகள். அந்தக் காலியை எண்ணத் தெரியாதவரை எதிராளி எப்போது நம்மைப் பிடிக்கப் போகிறார் என்பது கடைசி நொடி வரை தெரியாது.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை நிறுத்திய பிறகு நாங்கள் சிலர் பலகையோடு உட்காருவோம். ஒன்பதுக்கு ஒன்பது கோடு போட்ட பிளைவுட் துண்டு, நேரு வீதியில் தையல் சாமான் கடையில் வாங்கிய கறுப்பு வெள்ளைப் பொத்தான்கள். அட்டைப் பலகை அந்தக் காற்றுக்கு நிற்காது. முழுப் பலகை 19-க்கு 19, அதாவது கோடுகள் வெட்டிக்கொள்ளும் 361 புள்ளி. ஆனால் எண்ணக் கற்றுக்கொள்ள ஒன்பதே தாராளம். நான் இங்கே எழுதப்போவது அந்தப் பலகையில் வந்த ஒரே ஒரு நிலைமையைப் பற்றி. அதற்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை.

ஒரு காயை ஒட்டி, கோடு வழியாக மேலே, கீழே, இடது, வலது என்று இருக்கும் காலிப் புள்ளிகள்தான் அதன் மூச்சு. குறுக்கே மூலைவாட்டில் இருப்பது கணக்கில் வராது. நடுப்பலகையில் தனிக்காய்க்கு நாலு மூச்சு, ஓரத்தில் மூன்று, மூலையில் இரண்டு. ஒட்டி நிற்கும் ஒரே நிறக் காய்கள் ஒரே கூட்டம், மூச்சும் பொது. கடைசி மூச்சையும் எதிராளி அடைத்துவிட்டால் கூட்டம் மொத்தமும் பலகையை விட்டுப் போகும். ஆடு புலி ஆட்டத்தில் புலியை அடைப்பது போலத்தான், ஆனால் இங்கே அடைபட்டது பலகையிலேயே நிற்காது. ஒரே ஒரு மூச்சு மிச்சம் இருக்கும் நிலைக்கு அட்டாரி என்று பெயர்.

இதுவரை எல்லாருக்கும் புரிந்துவிடும். எண்ணும்போதுதான் தடுமாறுவார்கள். நடுப்பலகையில் மூன்று காய்களை நேராக வைத்தால் எட்டு மூச்சு. அதே மூன்றை ‘ட’ மாதிரி வளைத்து வைத்தால் எத்தனை? பெரும்பாலானவர்கள் எட்டு என்பார்கள். ஏழுதான். வளைவின் உள்பக்கம் இருக்கும் புள்ளி இரண்டு காய்களுக்கும் பொது. அதை ஒரு தடவைதான் எண்ண வேண்டும். நாலு காயை நேராக வைத்தால் பத்து, சதுரமாக வைத்தால் எட்டு. காய் எண்ணிக்கை ஒன்றுதான், மூச்சில் இரண்டு வித்தியாசம். அனுபவம் உள்ளவர்கள் காய்களைக் கொத்தாகக் குவிக்கத் தயங்குவதற்கு இதுதான் காரணம்.

நான் சொல்லிக்கொடுக்கும் முறை சாதாரணமானது. காய் காயாகப் போய் எண்ணாதீர்கள், அப்படிப் போனால் பொதுப்புள்ளியை இரண்டு தடவை எண்ணிவிடுவீர்கள். கூட்டத்தின் வெளி ஓரமாக ஒரு இடத்தில் ஆரம்பித்து, ஒரே திசையில் சுற்றி வந்து, காலிகளை மட்டும் எண்ணுங்கள். எல்லாக் கூட்டத்தையும் எண்ணவும் வேண்டாம். நாலு அல்லது அதற்குக் குறைவாக மூச்சு உள்ளவற்றை மட்டும் பார்த்தால் போதும். ஐந்துக்கு மேல் இருந்தால் இப்போதைக்கு அவசரம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, அடுத்தது கண். ஒரு கூட்டம் தனக்குள்ளேயே முழுக்க அடைத்து வைத்திருக்கும் காலி இடம் கண். தனித்தனியாக இரண்டு கண் இருந்தால் அந்தக் கூட்டத்தைக் கொல்லவே முடியாது. எதிராளி ஒரே நேரத்தில் இரண்டு புள்ளியில் வைக்க முடியாது, ஒன்றில் மட்டும் வைத்தால் அவர் காய்க்கு மூச்சே இருக்காது. ஆகவே ஒரு பெரிய கண் இருந்தால் கேள்வி இதுதான்: இதை இரண்டாகப் பிரிக்க முடியுமா?

மூன்று புள்ளிக் கண்ணில், நேராக இருந்தாலும் வளைந்திருந்தாலும், நடுப்புள்ளியில் யார் முதலில் வைக்கிறாரோ அவர் ஜெயித்தார். சொந்தக்காரர் வைத்தால் பக்கத்துக்கு ஒரு கண். எதிராளி வைத்தால் பிரிக்க வழியில்லை. நாலு புள்ளி நேராகவோ, ‘ட’ போலவோ, படிக்கட்டு போலவோ இருந்தால் கவலையே இல்லை. எதிராளி எந்த உள்புள்ளியில் வைத்தாலும் மற்றதில் நாம் வைத்துவிடலாம். நாலு புள்ளி பிரமிட் மாதிரி, அதாவது ஒரு புள்ளியை மற்ற மூன்றும் தொட்டுக்கொண்டு இருந்தால், மறுபடியும் நடுப்புள்ளிக்குப் போட்டி.

சதுர நாலுதான் புதியவர்களை ஏமாற்றும். இரண்டுக்கு இரண்டு, பார்க்க விசாலமாக இருக்கும். ஆனால் அது ஏற்கெனவே செத்துப்போனது. நீங்களே முதலில் ஆடினாலும் மிச்சம் இருப்பது வளைந்த மூன்று, அதன் நடுவில் எதிராளி உட்கார்ந்துவிடுவார். அதனால் அங்கே உங்கள் காயை வைப்பது வீண், எதிராளி வைப்பதும் அநேகமாக வீண். செத்த கூட்டம் ஆட்ட முடிவில் எப்படியும் எடுக்கப்படும். இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு சதுர நாலுக்குள் காய் வைப்பதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

இப்போது நம்முடைய நிலைமைக்கு வருவோம். கறுப்பு ஆடியவர் முதலியார்பேட்டைக்காரர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை ஆடியது இன்ஜினியரிங் படிக்கும் பையன். பலகையின் கீழ்ப் பகுதி மட்டும் கீழே இருக்கிறது. மேல் மூன்று வரிசையில் நடந்தது நமக்குத் தேவையில்லை. வெள்ளையைச் சுற்றி நிற்கும் வெளிக் கறுப்புக் காய்களுக்கு ஆபத்து ஏதும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் எல்லாம் காலிப் புள்ளிகள்.

```
· · · · · ● · · ·
● ● ● ● ● 1 ● · ·
● ○ ○ ○ ○ ○ 2 ● ·
○ ○ ● ● ● ○ ○ ● ·
○ ● ● 5 ● ● ○ 3 ●
○ ● 6 ○ 7 ● ○ 4 ·
```

கறுப்பின் முறை. உள்ளே ஒன்பது கறுப்புக் காய்களின் கண் பிரமிட் நாலு. அதன் நடுவில் வெள்ளை ஏற்கெனவே காயை வைத்துவிட்டது. இனி இரண்டு கண் கிடையாது. பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார், கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“அவ்வளவுதான் தம்பி, செத்துடுச்சு. அடுத்த ஆட்டம் போடலாம்.”

“ஐயா, எண்ணிப் பாத்தீங்களா?” என்றேன்.

“எண்ணாம என்ன? எனக்கு உள்ள மூணு காலி. அவனுக்கு வெளிய அஞ்சு. எப்படிப் பாத்தாலும் நான்தான் முன்னாடி போறேன்.”

அவர் எண்ணியது சரியாக இருந்தால் முடிவும் சரிதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு தப்பு இருக்கிறது.

முதலில் வெள்ளையை எண்ணுவோம். பதின்மூன்று காய்களும் இடது கீழ் மூலையிலிருந்து வலது அடிவரி வரை ஒரே சங்கிலியாக ஓடுகின்றன. மூலையில் ஆரம்பித்து வெளி ஓரமாகச் சுற்றி வந்தால், இடது பக்கமும் மேலேயும் கறுப்பு அடைத்து நிற்கிறது. முதல் காலி 1. அடுத்தது 2. அப்புறம் வலதுபக்கம் 3, அடிவரியில் 4. அவ்வளவுதான், நாலு. 2 என்ற புள்ளி அதன் இடதுபக்கக் காயையும் தொடுகிறது, கீழே உள்ள காயையும் தொடுகிறது. பெரியவர் காய் காயாகப் போனதால் அதை இரண்டு தடவை எண்ணி ஐந்து ஆக்கிவிட்டார். உள்ளே தனியாக நிற்கும் வெள்ளைக் காய் இந்தச் சங்கிலியோடு சேராது, அதன் மூச்சு இதற்கு உதவாது.

இப்போது கறுப்பு. உள்ளே காலி 5, 6, 7 என்று மூன்றுதான், வெளியில் மூச்சே இல்லை. அப்படியானால் மூன்று என்று சொல்வதில் என்ன தப்பு? வெள்ளை கடைசிவரை அடைத்துக்கொண்டே வர முடியாது என்பதை அந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. உள்ளே மூன்று வெள்ளைக் காய் ஆனதும் கறுப்புக்கு அட்டாரி. அப்போது கறுப்பு கடைசிக் காலியில் வைத்து அந்த மூன்றையும் பிடித்துவிடும். பிடித்ததும் உள்ளே மறுபடி மூன்று புள்ளி காலியாகிறது. வெள்ளை திரும்ப முதலிலிருந்து நுழைய வேண்டும்.

இதைக் கணக்காகப் போடலாம். காலியான நாலு புள்ளிக் கண்ணை அட்டாரிக்குக் கொண்டுவர வெள்ளைக்கு மூன்று ஆட்டம் செலவு. அவற்றைப் பிடிக்கக் கறுப்புக்கு ஒரு ஆட்டம் செலவு. அப்புறம் மிச்சம் மூன்று புள்ளிக் கண், அதை அடைக்க மூன்று. 3 − 1 + 3 = 5. ஆகவே நாலு புள்ளிக் கண்ணின் மூச்சு நாலு இல்லை, ஐந்து. இதே வழியில் போனால் ஐந்து புள்ளிக் கண்ணுக்கு 4 − 1 + 5 = 8, ஆறு புள்ளிக்கு 5 − 1 + 8 = 12. மூன்றும் அதற்குக் கீழும் பார்த்தபடிதான்: மூன்றுக்கு மூன்று, இரண்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்று. மனப்பாடம் செய்ய 3, 5, 8, 12 என்ற நாலு எண் போதும். எதிராளியின் காய் உள்ளே ஏற்கெனவே எத்தனை இருக்கிறதோ அத்தனையைக் கழிக்க வேண்டும்.

நம் படத்தில் உள்ளே ஒரு வெள்ளை இருக்கிறது. 5 − 1 = 4. வெள்ளைக்கும் நாலு, கறுப்புக்கும் நாலு. மூச்சு சமம் என்றால் யார் முறையோ அவர் ஜெயிப்பார். முறை கறுப்பினுடையது.

பெரியவர் நம்பவில்லை. “சும்மா சொல்லாத, ஆடிக் காட்டு” என்றார். ஆடினோம். கறுப்பு 1-இல் வைத்தது, வெள்ளைக்கு மூன்று. வெள்ளை 6-இல் நுழைந்தது. கறுப்பு 2, வெள்ளைக்கு இரண்டு. வெள்ளை 5-இல் வைத்து அட்டாரி சொன்னது. இந்த இடத்தில் கறுப்புக்கு வேறு வழியில்லை, 7-இல் வைத்து மூன்று காயையும் எடுத்தது. இப்போது கண்ணில் 5, 6, நடுப்புள்ளி என்று வளைந்த மூன்று. பையன் உடனே நடுப்புள்ளியில் வைத்தான், அது சரி. வைக்காவிட்டால் கறுப்பு அங்கே வைத்து இரண்டு கண்ணாக்கிவிடும். கறுப்பு 3, வெள்ளைக்கு ஒரே மூச்சு. பையன் 6-இல் வைத்து மறுபடி அட்டாரி என்றான். பெரியவர் பதிலே சொல்லாமல் 4-இல் பொத்தானை அழுத்தி வைத்தார். பதின்மூன்றும் போயின. அவன் 6-க்குப் பதிலாக 4-இல் ஓடியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான். மூலையில் கிடைப்பது ஒரே மூச்சு, கறுப்பு அடுத்த ஆட்டத்தில் அதை அடைத்துவிடும்.

“ஐயா செத்த காயை வெச்சுக்கிட்டு என்னைக் கொன்னுட்டாரு” என்றான் பையன். உண்மையில் அந்தக் கறுப்பு ஒருபோதும் இரண்டு கண் போடவில்லை. கூட்டம் செத்த வடிவம்தான். ஆனால் அதைச் சுற்றிய வெள்ளை அதற்கு முன்பே மூச்சு முட்டிப்போனது.

வெள்ளை முதலில் ஆடியிருந்தால் கதை தலைகீழ். வெள்ளை 6, கறுப்பு 1, வெள்ளை 5-இல் அட்டாரி, கறுப்பு 7-இல் பிடிக்கிறது. வெள்ளை நடுவில், கறுப்பு 2, வெள்ளை மறுபடி 6-இல் அட்டாரி. அப்போது வெள்ளைக்கு இன்னும் 3, 4 என்று இரண்டு மூச்சு இருக்கிறது. கறுப்பு எதை அடைத்தாலும் ஒன்று மிச்சம், வெள்ளை கண்ணை மூடி கறுப்பை எடுத்துவிடும். உள்ளே இரண்டு காயைப் பிடித்தாலும் ஒன்றும் மாறாது, இரண்டு புள்ளிக் கண்ணில் வெள்ளை திரும்ப வைக்கும். பலகையில் ஒரு ஆட்டம் வித்தியாசம், முடிவில் ஒன்பது காயா பதின்மூன்று காயா என்ற வித்தியாசம்.

நம் படத்தில் இரண்டு கூட்டங்களுக்கும் பொதுவான காலி எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். இருந்தால், கண் உள்ளவருக்குத்தான் அது லாபம். கண் இல்லாதவர் பொதுக்காலிகளையும் தானே அடைத்துவிட்டுத்தான் கண்ணுக்குள் கடைசிக் காயை வைக்க முடியும். அதனால் பொதுக்காலியைக் கண் உள்ளவரின் மூச்சோடு மட்டும் சேர்த்து எண்ண வேண்டும்.

தாக்குபவர் எங்கே சறுக்குவார் என்பதையும் சொல்ல வேண்டும். பிரமிட் நாலில் நடுப்புள்ளியை முதலில் பிடித்துவிட்டால், அப்புறம் எந்தப் புள்ளியைக் கடைசியாக விட்டாலும் பிடிபடுவது மூன்று காய், அதன் நடுவில் திரும்ப நுழைந்துவிடலாம். ஐந்து புள்ளியில் அந்த வசதி கிடையாது. சதுரத்துக்கு ஒரு வால் வைத்த மாதிரி இருக்கும் இந்தக் கண்ணைப் பாருங்கள், வெளியே எல்லாப் பக்கமும் வெள்ளை:

```
● ● ● ● ·
● 1 2 ● ●
● 3 4 5 ●
● ● ● ● ●
```

உயிர்ப்புள்ளி 4. கறுப்பு அங்கே வைத்தால் 5 தனிக்கண், 1-2-3 இன்னொரு கண், பிழைத்தது. வெள்ளை வைத்தால் கறுப்பு சாவு. அதுவரை எல்லாரும் சரியாக ஆடுவார்கள். ஆனால் மூச்சுப் பந்தயம் வந்து வெள்ளை உள்ளே நிரப்ப ஆரம்பித்தால், எந்தப் புள்ளியைக் கடைசியாக விடுவது என்பது முக்கியம். கறுப்பு அந்தப் புள்ளியில் வைத்து நாலு காயைப் பிடிக்கும், பிடித்த இடம் புதுக் கண் ஆகும். 5-ஐ விட்டால் மிச்சம் சதுர நாலு, செத்தது. 1-ஐ விட்டால் மிச்சம் பிரமிட், நடுப்புள்ளி 4-இல் வெள்ளை திரும்ப வைக்கலாம். ஆனால் 2-ஐ விட்டால் 1-3-4-5 என்று வளைந்த நாலு கிடைக்கும். 3-ஐ விட்டால் 1-2-4-5 என்று படிக்கட்டு நாலு. இரண்டுமே உயிருள்ள வடிவம். வெள்ளை நாலு காயைக் கொடுத்து, செத்த கூட்டத்துக்கு உயிரும் கொடுத்ததாக ஆகும். எனவே நிரப்பும்போது 4, 2, 3 மூன்றும் முதலில் வெள்ளையாக வேண்டும், 1-உம் 5-உம் கடைசிக்கு.

இந்த 3, 5, 8, 12 எங்கே உதவாது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று, கணக்கில் ஒவ்வொரு மூச்சையும் ஒரே ஆட்டத்தில் அடைக்கலாம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். சில புள்ளிகளில் வைத்தால் அடைப்பவரே அட்டாரியில் மாட்டுவார். முதலில் பக்கத்தில் ஒரு காய் போட்டு வழி செய்துகொண்டு அப்புறம்தான் அடைக்க முடியும். அந்த மூச்சை இரண்டாக எண்ண வேண்டும். நம் படத்தில் அப்படி ஒன்றும் இல்லை, 1 முதல் 4 வரை எதில் கறுப்பு வைத்தாலும் ஆபத்து கிடையாது, அதைப் பார்த்துவிட்டுத்தான் நாலு என்று சொன்னேன்.

இரண்டாவது, மூலை. இரண்டுக்கு மூன்று செவ்வகமாக ஆறு புள்ளிக் கண் நடுப்பலகையில் இருந்தால், யார் முதலில் ஆடினாலும் உயிர். அதே செவ்வகம் மூலையில் அமர்ந்து, எதிராளி முதலில் நுழைந்தால், கூட்டத்துக்கு வெளியில் எத்தனை மூச்சு என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு இருந்தால் பிழைக்கும். ஒன்றுதான் என்றால் மாறி மாறிப் பிடிக்கும் சண்டை, அதற்கும் கோ என்றுதான் பெயர். வெளியில் மூச்சே இல்லை என்றால் சாவு. பையன் அடுத்த வாரம் அதைத்தான் பலகையில் அமைத்துக்கொண்டு வந்தான்.